வடிவமைப்பு மதிப்பாய்வு ரெக்கார்டிங்கிலிருந்து முடிவுப் பதிவேடு: காரணத்தையும் கைவிட்ட வழிகளையும் எப்படி எடுக்கிறீர்கள்?

மின்பலகை

எங்கள் குழு ஒரு டேட்டா லாகர் பலகை செய்கிறது. திறந்தவெளியில் மூடிய பெட்டிக்குள் இருக்கும், 12 வோல்ட் ஈய அமில பேட்டரியில் ஓடும். பவர் பகுதிக்கான மதிப்பாய்வு முடிந்துவிட்டது. ஐந்து பேர் பேசிய 1 மணி 40 நிமிட ரெக்கார்டிங் இருக்கிறது. அதை முடிவுப் பதிவேடாக எழுதும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. என்ன முடிவு, ஏன், வேறு எதையெல்லாம் பார்த்துவிட்டு வேண்டாம் என்றோம், இந்த மூன்றும் வேண்டும் என்கிறார் தலைமைப் பொறியாளர்.

சிக்கல் என்னவென்றால் பேச்சு வரிசையாகப் போகவில்லை. 18ஆவது நிமிடத்தில் லீனியர் ரெகுலேட்டரே போதும் என்று முடிந்த மாதிரி இருக்கிறது. 52இல் ஒருவர் பெட்டிக்குள் 55 டிகிரி வரும் என்கிறார், உடனே எல்லாம் மறுபடி தொடங்குகிறது. 1:21இல் "அப்ப பக் கன்வர்ட்டர்தான்" என்று ஒரு குரல். நடுவில் ஃபியூஸ், கனெக்டர் என்று வேறு பேச்சு. நேர வரிசையில் எழுதினால் நான்கு பக்கம் வருகிறது, ஆனால் எது முடிவு என்று படிப்பவருக்குத் தெரியாது. நீங்கள் இதை எந்த வரிசையில் செய்கிறீர்கள்?

சுருக்கெழுத்து

நான் செய்வது எளிய வழி. கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும் கேளுங்கள். கூட்டத்தை நடத்தியவர் அங்கேதான் எல்லாவற்றையும் தொகுத்துச் சொல்வார். அதை வரிக்கு ஒன்றாக எழுதி, யார் எதை எப்போது முடிக்க வேண்டும் என்று சேர்த்தால் வேலை முடிந்தது. காரணத்தையெல்லாம் யாரும் திரும்பப் படிப்பதில்லை. தேவைப்பட்டால் ரெக்கார்டிங் இருக்கிறதே, கேட்டுக்கொள்ளட்டும்.

மின்பலகை

கடைசித் தொகுப்பில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "பவர் பக்குக்கு மாறுது, நாய்ஸ் பாத்துக்கலாம்." இதை வைத்து ஆறு மாதம் கழித்து வருகிறவருக்கு என்ன புரியும்?

அளவுகோல்

சுருக்கெழுத்து சொன்னதில் பாதி சரி. கடைசித் தொகுப்பை முதலில் கேட்பது நல்லதுதான், எத்தனை முடிவுகளைத் தேட வேண்டும் என்று அது காட்டும். ஆனால் அது எதைத் தேடுவது என்பதற்கான பட்டியல் மட்டுமே. காரணம் அங்கே இருக்காது. ஒரு மணி நேரம் சேர்ந்து பேசியவர்களுக்குக் காரணம் ஏற்கெனவே தெரியும் என்பதால் நடத்துபவர் அதைத் திரும்பச் சொல்வதில்லை.

மின்பலகை, நேர வரிசையை விட்டுவிடுங்கள். முதல் முறை கேட்கும்போது முடிவுகளையே எழுத வேண்டாம். கேள்விகளை மட்டும் எழுதி, ஒவ்வொன்றும் எழுந்த நிமிடத்தைக் குறியுங்கள். "12 வோல்ட்டை 3.3 ஆக எப்படிக் குறைப்பது?" ஒரு கேள்வி. "ஏடிசிக்கு வரும் இரைச்சலை எப்படி அடக்குவது?" இன்னொன்று. இரண்டாவது முறை கேட்கும்போது ஒவ்வொரு கேள்விக்கும் கீழே வந்த யோசனைகளையும், ஒவ்வொரு யோசனைக்கும் ஆதரவாகவும் எதிராகவும் சொல்லப்பட்டதையும் போடுங்கள். 18ஆவது நிமிடமும் 52உம் 1:21உம் ஒரே கேள்விக்குக் கீழே வந்து உட்கார்ந்துவிடும்.

இந்த அடுக்கு புதிதில்லை. கேள்வி, நிலைப்பாடு, வாதம் என்று பிரிக்கும் முறையை ஹோர்ஸ்ட் ரிட்டலும் வெர்னர் குன்ஸும் 1970இல் எழுதிவிட்டார்கள். மென்பொருள்காரர்கள் இப்போது அதிகம் பயன்படுத்துவது 2011இல் மைக்கேல் நைகார்ட் முன்வைத்த வடிவம். சூழல், முடிவு, விளைவு, நிலை என்று சிறியதாக இருக்கும், நல்ல வடிவம். ஆனால் கைவிட்ட வழிகளுக்கு அதில் தனி இடம் கிடையாது. உங்கள் தலைமைப் பொறியாளர் கேட்பது அதைத்தான், எனவே அந்த இடத்தை நீங்களே சேர்க்க வேண்டும்.

அந்த மூன்று நிமிடங்களில் என்ன எண்கள் பேசினார்கள் என்று இங்கே போட முடியுமா? ஒரு பதிவை முழுதாக எழுதிப் பார்க்கலாம்.

மின்பலகை

போடுகிறேன்.

18ஆவது நிமிடம்: 3.3 வோல்ட்டில் 150 மில்லி ஆம்பியர் சுமை. லீனியர் ரெகுலேட்டர், SOT-223 உறை, ஒரு வாட்டுக்கு 60 டிகிரி ஏறும் என்று எடுத்துக்கொண்டார்கள். 12 வோல்ட்டில் 1.3 வாட் வெப்பம், 78 டிகிரி ஏற்றம், அறை வெப்பம் 25ஐச் சேர்த்தால் 103. சிப்பின் வரம்பு 125. "ஓகே, அப்படியே வெச்சுக்கலாம்" என்று இரண்டு பேர் சொல்கிறார்கள்.

52ஆவது நிமிடம்: பெட்டி வடிவமைப்பவர், வெயிலில் உள்ளே 55 டிகிரி என்கிறார். இன்னொருவர், சார்ஜ் ஆகும்போது பேட்டரி 14.4 வோல்ட் போகுமே என்கிறார். 1.67 வாட், 100 டிகிரி ஏற்றம், மொத்தம் 155.

58இல் ஒருவர், "டிபாக் உறை போட்டு கீழே செம்பு அதிகம் விட்டா 40க்கு வருமே" என்கிறார். யாரும் பதில் சொல்லவில்லை. அந்த நேரம் பார்த்து ஃபியூஸ் பேச்சு வந்துவிடுகிறது.

1:21இல் பக் கன்வர்ட்டர். ஏடிசி வழங்கலில் ஸ்விட்சிங் இரைச்சல் வரும் என்று அனலாக் பொறியாளர் தயங்குகிறார். ஃபெரைட் பீடும் கெப்பாசிட்டரும் போட்டு, மாதிரிப் பலகையில் அளந்து பார்ப்பதாகப் பேச்சு முடிகிறது.

குழாய்வழி

எங்கள் துறை வேறு, தண்ணீர் பம்ப் நிலையங்கள். ஆனால் காரணம் எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு எங்களிடம் ஒன்று உண்டு. ஒரு பைப்லைனில் துருப்பிடிக்காத எஃகு வால்வு வேண்டாம், வார்ப்பிரும்பே போதும் என்று முன்பு முடிவெடுத்திருந்தார்கள். கோப்பில் "எஸ்எஸ் வால்வு நிராகரிக்கப்பட்டது" என்று ஒரே வரி. பின்னால் வந்த நாங்கள், ஏதோ தொழில்நுட்பக் காரணம் போலிருக்கிறது, ஃபிளாஞ்சில் வேறு உலோகம் சேர்ந்தால் அரிப்பு வரும் என்று நினைத்திருப்பார்கள் என்று நாங்களாகவே முடிவு கட்டிக்கொண்டோம். அடுத்த இரண்டு லைன்களிலும் எஸ்எஸ்ஸைத் தொடவே இல்லை. அப்புறம் அந்தக் கூட்டத்தில் இருந்த ஒருவர் சொன்னார், அன்றைக்கு சப்ளை வர 14 வாரம் ஆகும் என்றதால்தான் விட்டோம் என்று. அந்தக் காரணம் அந்த வேலை முடிந்ததுமே காலாவதியாகிவிட்டது. அது தெரியாமல் தடை மட்டும் எங்களோடு தொடர்ந்தது.

அளவுகோல்

குழாய்வழி சொன்னதைப் பிடித்துக்கொள்ளுங்கள். கைவிட்டதற்கான காரணம் இயற்பியலைச் சார்ந்ததா, அன்றைய நிலைமையைச் சார்ந்ததா என்று பதிவிலேயே தெரிய வேண்டும். 155 டிகிரி என்பது சுமையும் பெட்டியும் மாறாத வரை நிற்கும். சப்ளை தாமதம், விலை, "இந்தச் சிப் நமக்குப் பழக்கமில்லை" போன்றவை தேதி போட்டு எழுத வேண்டியவை.

இப்போது மின்பலகையின் பதிவு. நான் எழுதினால் இப்படி வரும்:

> PWR-03. 12 வோல்ட்டிலிருந்து 3.3 வோல்ட் எப்படி?
> முடிவு: பக் கன்வர்ட்டர். ஏடிசி வழங்கலுக்கு ஃபெரைட் பீடும் கெப்பாசிட்டரும். (1:21, 1:34)
> காரணம்: பெட்டிக்குள் 55 டிகிரி, பேட்டரி 14.4 வோல்ட், சுமை 150 மில்லி ஆம்பியர் என்ற நிலையில் SOT-223 லீனியர் ரெகுலேட்டர் 155 டிகிரியைத் தொடும். வரம்பு 125. (0:52)
> கைவிட்டது: SOT-223 லீனியர் ரெகுலேட்டர். 0:18இல் ஏற்கத்தக்கதாகத் தோன்றியது. அந்தக் கணக்கு 12 வோல்ட், 25 டிகிரிக்கானது.
> பேசி முடிக்கப்படாதது: டிபாக் உறையில் லீனியர் ரெகுலேட்டர். 0:58இல் முன்வைக்கப்பட்டது, பதில் இல்லை.
> அளக்காத அனுமானம்: ஃபில்டருக்குப் பின் ஏடிசி இரைச்சல் தாங்கும் அளவில் இருக்கும்.
> மீண்டும் திறக்க: மாதிரிப் பலகையில் இரைச்சல் வரம்பைத் தாண்டினால். வரம்பு எவ்வளவு என்று கூட்டத்தில் சொல்லப்படவில்லை.

0:18ஐ முடிவாக எழுதி, 0:52இல் ரத்தானது என்று போட வேண்டாம். அது முடிவே இல்லை. எப்படித் தெரியும் என்றால், 52ஆவது நிமிடத்தில் பேச்சு மீண்டும் தொடங்கியபோது "அதைத்தான் முடித்துவிட்டோமே" என்று யாரும் சொல்லவில்லை. யாருக்கும் வேலை ஒதுக்கப்படவும் இல்லை. 1:21க்குப் பிறகு பாருங்கள், இரைச்சலை அளப்பது என்று ஒரு வேலை பிறக்கிறது. முடிவு நடந்ததா என்பதை அடுத்து என்ன செய்தார்கள் என்பதை வைத்துத்தான் நான் சொல்வேன், ஓகே சொன்ன குரல்களை வைத்து இல்லை.

சுருக்கெழுத்து

வடிவம் நன்றாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "பேசி முடிக்கப்படாதது" என்று ஏன் தொங்கவிட வேண்டும்? லீனியர் ரெகுலேட்டரை வெப்பத்துக்காக விட்டார்கள். டிபாக்கும் லீனியர்தான். "வெப்பம் காரணமாக நிராகரிக்கப்பட்டது" என்று எழுதிவிட்டுப் போகலாமே.

அளவுகோல்

கணக்குப் போட்டுப் பாருங்கள்:

```
(14.4 - 3.3) x 0.150 = 1.67 W
1.67 x 40 + 55 = 122 °C
```

வரம்பு 125. மூன்று டிகிரி இடைவெளியை எந்தப் பொறியாளரும் விரும்ப மாட்டார், அது உண்மை. ஆனால் 155 மாதிரி வெளிப்படையாகத் தோற்கும் வழி இல்லை இது. அந்த 40 என்பதும் பலகையில் எவ்வளவு செம்பு விடுகிறோம் என்பதைப் பொறுத்து மாறும். "வெப்பம்" என்று நீங்கள் எழுதினால், கூட்டம் எடுக்காத முடிவை நீங்கள் எடுத்ததாக ஆகிவிடும். நாளை சுமை 100 மில்லி ஆம்பியராகக் குறைந்தால் டிபாக் தாராளமாகத் தாங்கும். அப்போது ஒருவர் உங்கள் பதிவைப் படித்து, இதைத்தான் அன்றே பார்த்துத் தள்ளிவிட்டார்களே என்று கடந்து போவார்.

சாலிடர்_மணம்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் கூட்ட ரெக்கார்டிங்கில் குரலே சரியாகக் கேட்பதில்லை. மேஜை நடுவில் ஒரு மைக், ஓரத்தில் இருப்பவர் பேசுவது கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி இருக்கும். நல்ல மைக் எது என்று யாராவது சொன்னால் இந்தப் பிரச்சினையே தீருமே?

மின்பலகை

சாலிடர்_மணம், எனக்கு ஒலி தெளிவாகத்தான் இருக்கிறது, கேட்டதை எப்படி அடுக்குவது என்பதுதான் கேள்வி. ஆனால் நீங்கள் சொன்னதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. மென்பொருள் தந்த எழுத்துப்பிரதியில் சுமை "115 மில்லி ஆம்பியர்" என்று இருந்தது. காதில் கேட்டால் "ஒன் ஃபிஃப்டி"யா "ஒன் ஃபிஃப்டீன்"ஆ என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அடுத்த வரியிலேயே 1.3 வாட் என்கிறார். 12இல் 3.3 போக மிஞ்சும் 8.7 வோல்ட்டால் வகுத்தால் 150 வருகிறது. 115 என்றால் சரியாக ஒரு வாட்தான் வந்திருக்கும். அப்படித்தான் 150 என்று எடுத்துக்கொண்டேன்.

அளவுகோல்

சரியான வழி. எண்ணை எண்ணால்தான் சோதிக்க வேண்டும். எதிர்மறையும் அப்படித் தொலைந்துபோகும். "பிரச்சினை வராது" என்று சொன்னது வேகமான பேச்சில் கடைசி அசை விழுங்கப்பட்டு "வரும்" என்று பிரதியில் ஏறிவிடும், காரணம் தலைகீழாகிவிடும். எழுத்துப்பிரதியைத் தேடுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். பதிவேட்டில் காரணமாக ஏறப்போகிற ஒவ்வொரு வாக்கியத்தையும் அந்த நிமிடத்துக்குப் போய்க் காதால் கேட்டுவிடுங்கள். சாலிடர்_மணம் சொல்கிற ஓரத்துக் குரலும் முக்கியம்தான். ஆட்சேபணை பெரும்பாலும் தயங்கித்தான் வரும், தயங்குகிறவர் மைக்கை நெருங்கிப் பேச மாட்டார்.

குழாய்வழி

ஒரு சந்தேகம். பக் கன்வர்ட்டருக்கு மாறியதில் பெரிய லாபம் பேட்டரிதானே? லீனியரில் 150 மில்லி ஆம்பியர் சுமைக்குப் பேட்டரியிலிருந்தும் 150 போகும். பக்கில் மூன்றில் ஒரு பங்கு போதும் அல்லவா? அது ஏன் காரணத்தில் இல்லை?

மின்பலகை

ரெக்கார்டிங்கில் ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை. 85 சதவீதத் திறன் என்று வைத்தால் 12 வோல்ட்டில் சுமார் 50 மில்லி ஆம்பியர் வருகிறது. டிபாக்கைத் தள்ளுவதற்கும் அதுதான் வலுவான காரணம் என்று எனக்கும் படுகிறது. எல்லோர் மனதிலும் இருந்திருக்கும், அதனால்தான் பேசவில்லை என்று நினைக்கிறேன். சேர்த்துவிடலாமா?

சுருக்கெழுத்து

கண்டிப்பாகச் சேருங்கள். பதிவேடு உண்மையைச் சொல்ல வேண்டும், யார் என்ன பேசினார்கள் என்பது முக்கியமில்லை.

அளவுகோல்

நான் சேர்க்க மாட்டேன், குறைந்தபட்சம் "காரணம்" என்ற இடத்தில். அது நல்ல காரணம், சரியான காரணமும்கூட. ஆனால் அவர்கள் அதற்காக முடிவெடுத்தார்களா என்பது நமக்குத் தெரியாது. ஒருவேளை இதே லாகர் நேரடி மின் இணைப்பில் ஓடும் வடிவமும் வரப்போகிறது என்றால், பேட்டரி காரணம் அங்கே விழுந்துவிடும், வெப்பக் காரணம் நிற்கும். எது எதற்காக என்று கலந்துவிட்டால் அப்போது பிரிக்க முடியாது. "எழுதியவர் குறிப்பு, கூட்டத்தில் பேசப்படவில்லை" என்று தனியாகப் போட்டு அவர்களிடமே கேளுங்கள்.

சுருக்கெழுத்து

இதில் எனக்கு உடன்பாடில்லை. நான் பார்த்தவரை அனுபவமுள்ளவர்கள் மிகப் பெரிய காரணத்தைத்தான் வாயால் சொல்வதில்லை. பேசியதை மட்டும் எழுதினால், சின்னக் காரணங்கள் நிறைந்த பதிவேடுதான் மிஞ்சும்.

அளவுகோல்

நீங்கள் சொல்வது நடக்கிறதுதான், அதை மறுக்கவில்லை. அந்தப் பெரிய காரணத்தை யார் வாயால் பதிவேட்டில் ஏற்றுவது என்பதில்தான் வேறுபடுகிறோம்.

கடைசிபெஞ்ச்

தர மேலாண்மைப் பக்கத்திலிருந்து ஒன்று. ஐஎஸ்ஓ 9001 இருக்கிற இடத்தில் ரெக்கார்டிங்கை முழுதாக வைத்திருந்தால்தான் தணிக்கையில் செல்லும், சுருக்கம் செல்லாது என்று எங்களுக்குச் சொன்னார்கள். அப்படியானால் இந்த வேலையே இரட்டை வேலைதானே?

அளவுகோல்

2015 பதிப்பின் 8.3.4 பிரிவு, வடிவமைப்பு மதிப்பாய்வு போன்ற கட்டுப்பாட்டு நடவடிக்கைகளுக்கு ஆவணப்படுத்திய தகவலை வைத்திருக்கச் சொல்கிறது. அது ஒலியாக இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. உங்கள் நிறுவனத்தின் சொந்த நடைமுறையில் ரெக்கார்டிங் என்று எழுதியிருந்தால் அது வேறு, அதற்கு நீங்கள் கட்டுப்பட்டவர்கள். அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மின்பலகை

ஒரு தகவல். அந்தப் பதிவை ஐந்து பேருக்கும் அனுப்பினேன். முழுவதும் சரியா என்று கேட்காமல் மூன்று கேள்வி மட்டும் வைத்தேன்: டிபாக் ஏன் வேண்டாம், பேட்டரி மின்னோட்டம் ஒரு காரணமா, ஏடிசி இரைச்சல் வரம்பு எவ்வளவு.

வரம்பு உடனே வந்துவிட்டது. அனலாக் பொறியாளர் இரண்டு எல்எஸ்பி என்று எழுதி, அளக்கும் முறையையும் சேர்த்தார். பேட்டரி கேள்விக்கு இரண்டு பேர் "ஆமாம், அதுதான் முதல் காரணம்" என்கிறார்கள். வேறு இருவர் வெப்பத்தை மட்டும் சொல்கிறார்கள். டிபாக்கைச் சொன்னவர், பலகையில் அவ்வளவு செம்புக்கு இடமில்லை என்று தானே பின்வாங்கியதாக எழுதியிருக்கிறார். ஆனால் ரெக்கார்டிங்கில் அவர் அப்படிச் சொல்லவே இல்லை, இரண்டு முறை தேடிவிட்டேன். இதை எப்படி எழுதுவது?

அளவுகோல்

"கூட்டத்தில் பதில் இல்லை. முன்வைத்தவர் பின்னர் தந்த விளக்கம்: செம்புப் பரப்புக்கு இடமில்லை" என்று, அவர் எழுதிய தேதியோடு. பேட்டரிக்கும் அதே மாதிரி, இருவர் பின்னர் உறுதிப்படுத்தியது என்று. கூட்டத்தில் சொன்னதும் பிறகு நினைவிலிருந்து சொன்னதும் ஒரே எடை இல்லை, பதிவில் அது தெரிந்தால் போதும். இடமில்லை என்பது இந்தப் பலகை அளவுக்கான காரணம், எனவே பலகை அளவையும் பக்கத்திலேயே போடுங்கள்.

குழாய்வழி

பெயர் போடுவீர்களா? எங்களிடம் ஆட்சேபணை சொன்னவர் பெயரைப் போட ஆரம்பித்ததும், அடுத்த கூட்டத்திலிருந்து ஆட்சேபணையே குறைந்துவிட்டது.

அளவுகோல்

நான் பொறுப்பைப் போடுவேன், பெயரை இல்லை. "பெட்டி வடிவமைப்பு", "அனலாக்" என்று. 55 டிகிரி எங்கிருந்து வந்தது என்று கேட்க யாரிடம் போவது என்பதற்கு அது போதும்.

கடைசிபெஞ்ச்

பொறுப்பில் ஆள் மாறிவிட்டால்? எங்களிடம் இரண்டு வருடத்தில் மூன்று பேர் மாறினார்கள். பெயர் இருந்ததால்தான் ஒருவரைத் தேடிப் பிடித்துக் கேட்க முடிந்தது. எனக்குப் பெயர் வேண்டும்.

மின்பலகை

எங்கள் குழுவிலும் இதே பிரிவு இருக்கிறது, இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். இப்போதைக்குப் பொறுப்பை மட்டும் போட்டு, நிமிடக் குறியைச் சேர்த்திருக்கிறேன். ஆனால் எங்கள் சர்வரில் ரெக்கார்டிங்குகள் 90 நாளில் அழிந்துவிடும். அதற்குப் பிறகு 0:58 என்பதை வைத்து யாரும் எதையும் கேட்க முடியாது. பேசி முடிக்கப்படாத இடங்களின் சொற்களை மட்டும் அப்படியே பதிவில் எடுத்து எழுதி வைக்கலாம் என்று நினைக்கிறேன். டிபாக்குக்கு அது ஒரே ஒரு வாக்கியம். ஏடிசி தயக்கத்துக்கு ஆறேழு வரி வரும்போல, இன்று மாலை அதைத்தான் எழுதப் போகிறேன்.